பழைய மாடலை நிறுத்தும் தேதி: கடைசி மோட்டார் ஆர்டரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

கேள்வி: நாங்கள் மேசை மின்விசிறி தயாரிக்கிறோம். இன்னும் 20 வாரத்தில் புது மாடல் வருகிறது. பழைய மாடல் வாரம் 700 போகிறது. குடோனில் தயாராக 3,900 இருக்கிறது. மோட்டார் 2,900 கையில், இன்னும் 2,000 வரவேண்டும். அட்டைப்பெட்டி 9,000 அச்சடித்து வைத்திருக்கிறோம். மோட்டார் சப்ளையர் ஆர்டர் கொடுத்தால் 10 வாரம் ஆகும், 3,000-க்குக் குறைந்து எடுக்கமாட்டார். "இருப்பதையெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் புதுசு" என்கிறார் முதலாளி. "இப்போதே பழையதை நிறுத்தி, புதுசை அறிவித்துவிடலாம்" என்கிறது விற்பனைப் பிரிவு. எப்போது நிறுத்துவது, இன்னும் எவ்வளவு வாங்குவது?

பதில்:

முதலாளி சொல்வதையும் செய்யவேண்டாம், விற்பனைப் பிரிவு சொல்வதையும் செய்யவேண்டாம். உங்கள் நிலைமையில் மாற்றத் தேதியை உண்மையில் முடிவு செய்வது மோட்டார். பழைய மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற பாகங்களில் வந்துசேர அதிக நாள் எடுப்பது அதுதான். அதற்குக் கடைசி ஆர்டர் போடும் நாள்தான் நீங்கள் பழைய மாடலை நிறுத்தும் நாள். தொழிற்சாலையில் கடைசி விசிறி இறங்கும் நாளில் நீங்கள் எதையும் முடிவு செய்யப்போவதில்லை, பல வாரத்துக்கு முன் எடுத்த முடிவு அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவே.

கணக்குக்குப் போவதற்கு முன் ஒன்று. "வாரம் 700 போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது குடோனிலிருந்து டீலருக்குப் போவதா, கடையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போவதா? பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும், ஏனென்றால் இன்வாய்ஸ் போட்டது மட்டும்தான் உங்கள் கம்ப்யூட்டரில் தெரியும். சாதாரண நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும், வித்தியாசம் உறைக்காது. ஆனால் மாடலை முடிக்கும் நேரத்தில் இந்த ஒரு வித்தியாசம் மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு மாதத்தில் 3,600 விசிறி அனுப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத ஆரம்பத்தில் கடைகளில் இருந்த சரக்கு 4,200, மாதக் கடைசியில் 4,800. அப்படியானால் வாடிக்கையாளர் வாங்கியது 4,200 + 3,600 − 4,800, அதாவது 3,000 மட்டுமே. மீதி 600 விற்கவில்லை, உங்கள் குடோனிலிருந்து டீலர் குடோனுக்கு இடம் மாறியிருக்கிறது. விற்பனைப் பிரதிநிதிக்கு மாத இலக்கு இருந்தால், மாதக் கடைசி வாரத்தில் இந்த இடமாற்றம் நன்றாகவே நடக்கும். குடோன் காலியாகிவிட்டது, பழைய மாடல் தீர்ந்தது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். புது மாடலை இறக்கினால் டீலர் ஆர்டர் போடமாட்டார். "முதலில் என்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்.

நான் உற்பத்தித் திட்டமிடலில் இருந்தபோது இதை நேரில் அனுபவித்திருக்கிறேன். வேறொரு பொருள், வேறொரு நிறுவனம். எங்கள் குடோனில் பழைய மாடல் சுத்தமாகத் தீர்ந்த வாரத்தில் புதியதை இறக்கினோம். முதல் ஆறு வாரம் புதுசு நகரவே இல்லை. பொருள் சரியில்லையோ என்று பயந்து விலையைக் குறைக்கும் பேச்சு வரைக்கும் போய்விட்டது. பிறகு ஒரு பெரிய டீலரின் குடோனுக்குப் போய்ப் பார்த்தால், பழைய மாடல் மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு அடுக்கி வைத்திருந்தார். மாதக் கடைசியில் தள்ளுபடி கொடுத்து அவர் தலையில் ஏற்றியது நாங்களேதான்.

ஆகையால் இந்த வாரமே கடைச் சரக்கை எண்ணுங்கள். எல்லாக் கடைக்கும் போகவேண்டாம். உங்கள் சரக்கில் பாதிக்கு மேல் எடுக்கும் பெரிய டீலர்கள் சிலரே இருப்பார்கள். அவர்களிடம் மாடல்வாரியாக இருப்பைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று இடத்தில் நேரில் போய் எண்ணிச் சரிபாருங்கள். வாரன்டி பதிவில் சீரியல் நம்பர் வருகிறதென்றால் அதுவும் உதவும். இன்று பதிவாகும் விசிறிகள் உங்கள் தொழிற்சாலையை விட்டு எத்தனை வாரத்துக்கு முன் கிளம்பியவை என்று பாருங்கள். அந்த இடைவெளி மாதாமாதம் நீண்டுகொண்டே போனால் கடைகளில் சரக்கு தேங்குகிறது என்று அர்த்தம்.

சரி, நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த எண்ணை நான் 4,200 என்று வைத்துக்கொள்கிறேன், அதாவது ஆறு வாரத்துச் சரக்கு. வாடிக்கையாளர் வாங்குவதும் வாரம் 700 என்றே வைப்போம். உங்கள் உண்மை எண் வேறாக இருந்தால் இதே வழியில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

20 வாரத்துக்கு 700 வீதம் வாடிக்கையாளர்களுக்குத் தேவை 14,000. ஆனால் இத்தனையையும் நீங்கள் அனுப்பவேண்டியதில்லை, கடைகளில் ஏற்கனவே 4,200 இருக்கிறதே. புது மாடல் வரும் நாளில் கடைகளில் மொத்தம் 1,400 மிச்சம் இருந்தால் போதும், அது இரண்டு வாரத்துச் சரக்கு. பூஜ்யமாக்க முயலாதீர்கள். மொத்தம் பூஜ்யம் ஆகவேண்டுமென்றால், நன்றாக ஓடும் கடைகளில் அது நான்கைந்து வாரம் முன்பே பூஜ்யமாகியிருக்கும், அந்த அலமாரியில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். ஆக, கடைச் சரக்கிலிருந்து 2,800 கரையும். நீங்கள் அனுப்பவேண்டியது 11,200.

அதில் 3,900 குடோனில் தயார். இன்னும் செய்யவேண்டியது 7,300. மோட்டார் கையில் 2,900, வரவேண்டியது 2,000, ஆக 4,900. குறைவது 2,400. சப்ளையர் 3,000-க்குக் குறைந்து எடுக்கமாட்டார், அப்படியானால் 600 மிஞ்சும். இந்த 600 எங்கே போகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அது வீண் இல்லை.

இந்த 3,000-ஐ எப்போது ஆர்டர் செய்யவேண்டும் என்று பாருங்கள். முதல் 12 வாரம் வழக்கம்போல 700 அனுப்பி, கடைசி 8 வாரம் 350-ஆகக் குறைத்து, கடைச் சரக்கைக் கரைப்பதாக வைப்போம். 8,400-ம் 2,800-ம் சேர்ந்து அதே 11,200. கையில் இருக்கும் விசிறியும் மோட்டாரும் சேர்த்து 8,800-க்குத்தான் வரும்; 13-வது வாரத்தோடு ஏறக்குறையத் தீர்ந்துவிடும். மோட்டார் வர 10 வாரம், பொருத்திச் சோதிக்க ஒரு வாரம், டீலருக்குப் போக ஒரு வாரம், ஆக 12. ஆகவே இந்த ஆர்டரை இந்த வாரமே போடவேண்டும். 20 வாரம் இருக்கிறதே, நிதானமாகப் பேசலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆனால் முதல் முடிவுக்கு உங்களிடம் இருப்பது சில நாள்தான்.

இங்கே அட்டைப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. செய்யவேண்டியது 7,300, பெட்டி 9,000. 1,700 பெட்டி மிஞ்சும். யாராவது ஒருவர் கூட்டத்தில், "பெட்டி வீணாகிறதே, இன்னும் 1,700 மோட்டார் வாங்கினால் சரியாகிவிடும்" என்பார். சிரிக்காதீர்கள், இது நடக்கும். பெட்டிக்காக மோட்டார், மோட்டார் கூடிப்போனதால் இன்னும் கொஞ்சம் இறக்கை, இறக்கை மிஞ்சியதால் மறுபடி மோட்டார் என்று, முடியவேண்டிய மாடல் ஆறு மாதம் இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். விலை அதிகமான, நாள் அதிகம் எடுக்கும் பாகத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மலிவான பாகம் மிஞ்சினால் மிஞ்சட்டும், பழைய அட்டை விலைக்குப் போட்டுவிடுங்கள். கூண்டும் இறக்கையும் உங்கள் அச்சிலேயே வார்ப்பதென்றால் வாரத் தேவைக்கு மட்டும் வார்த்துக்கொள்ளுங்கள். ஒயர், சுவிட்ச் போல புது மாடலுக்கும் பொருந்துகிறவற்றை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவேண்டாம்.

நிறம் ஒன்றுக்கு மேல் இருந்தால், மெதுவாக ஓடும் நிறத்தை இப்போதே நிறுத்துங்கள். மாடலின் கடைசி மாதங்களில் தேங்கிக் கிடப்பது எப்போதும் யாரும் கேட்காத நிறம்தான். மோட்டார் எல்லா நிறத்துக்கும் ஒன்றே என்பதால், இருக்கும் மோட்டாரை ஓடும் நிறத்துக்குக் கொடுத்துவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் புது மாடல் சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. புது மாடல் சொன்ன நாளில் வருவது அபூர்வம். அச்சில் திருத்தம் வரும், தரச்சான்று தள்ளிப்போகும், புதிய எலக்ட்ரானிக் பலகை வந்துசேராது. நான்கு வாரம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள்? 700 வீதம் இன்னும் 2,800 பழைய விசிறி வேண்டும்.

சாதாரணமாக ஆர்டர் செய்தால் அதே 12 வாரக் கணக்குப்படி, 20-வது வாரத்துக்கு வேண்டியதை 8-வது வாரத்திலேயே முடிவு செய்யவேண்டும். புது மாடலின் சோதனை உற்பத்தி எப்போது? நீங்கள் எழுதவில்லை. 20-வது வாரம் சந்தைக்கு வரும் பொருளுக்கு 13-வது வாரம்போல இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். தள்ளிப்போகுமா இல்லையா என்பது உருப்படியாகத் தெரிவது அந்தச் சோதனை உற்பத்திக்குப் பிறகுதான். ஆக, தெரிவதற்கு ஐந்து வாரம் முன்பே நீங்கள் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது. மாடல் மாற்றத்தில் இருக்கும் உண்மையான சிக்கல் இதுதான், மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

அப்படி இருட்டில் முடிவு எடுக்கவேண்டி வந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. விசிறியின் அடக்கவிலை 100 என்றும் டீலருக்குப் போகும் விலை 130 என்றும் வைத்துக்கொள்வோம். கேட்கும்போது சரக்கு இல்லையென்றால் ஒன்றுக்கு 30 இழக்கிறீர்கள். புது மாடல் வந்தபிறகும் பழையது மிஞ்சிக் கிடந்தால் 80-க்குத் தள்ளவேண்டிவரும், ஒன்றுக்கு 20 இழப்பு. ஒரு விசிறி கூடுதலாகச் செய்வது லாபமா என்றால், அது தேவைப்படும் வாய்ப்பை 30-ஆல் பெருக்குங்கள், தேவைப்படாத வாய்ப்பை 20-ஆல் பெருக்குங்கள், எது பெரிது என்று பாருங்கள். இந்த எண்களுக்குச் சமநிலை 40 சதவீதத்தில் வருகிறது. புது மாடல் தள்ளிப்போக நூற்றுக்கு 40-க்கு மேல் வாய்ப்பு இருப்பதாக உங்கள் பொறியாளர்கள் மனம்விட்டுச் சொன்னால், கூடுதல் மோட்டாரை வாங்குங்கள். 25 என்றால் வேண்டாம். பல நிறுவனங்களில் மிஞ்சிய சரக்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், ஏனென்றால் அது குடோனில் கண்ணுக்குத் தெரிகிறது. விற்காமல் போன விற்பனை எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

ஒரு எச்சரிக்கை: இந்த 30 என்பது குறைந்தபட்சம். அலமாரியை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்ட கடைக்காரர், புது மாடல் வந்தவுடன் அதைத் திருப்பித் தரமாட்டார். இதை ஃபோர்டு நிறுவனம் மிகப் பெரிய அளவில் அனுபவித்தது. 1927 மே மாதம், 1.5 கோடியாவது மாடல் டி காரை இறக்கிய கையோடு அந்த மாடலை நிறுத்தினார்கள். அடுத்த மாடல் அப்போது தயாராக இல்லை. புதிய மாடல் ஏ டிசம்பரில்தான் மக்கள் கண்ணில் பட்டது. இடைப்பட்ட அரை ஆண்டுக்குமேல் டீலர்களிடம் விற்கப் புதிய மாடல் இல்லை, அந்த ஆண்டு அமெரிக்க விற்பனையில் ஷெவர்லே முந்திவிட்டது. மாடல் டி பழசாகிப்போனது உண்மை, நிறுத்தவேண்டியதும் சரி. ஆனால் அடுத்தது தயாராகும் முன் நிறுத்தியதற்குத் தனியாக ஒரு விலை கொடுத்தார்கள்.

ஆனால் உங்களுக்கு இருட்டில் முடிவெடுப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, இந்தப் பதிலில் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது இதைத்தான். மோட்டார் சப்ளையரிடம் போய், அந்த 10 வாரம் எதனால் ஆகிறது என்று பிரித்துக் கேளுங்கள். கம்பி சுற்றுவதும் பொருத்துவதும் சில நாள் வேலை. மீதி வாரங்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு வாங்கி உங்கள் அளவுக்கு வெட்டுவதிலும், மற்றவர்கள் ஆர்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்பதிலும் போகின்றன. செம்புக் கம்பி யாருக்கு வேண்டுமானாலும் பயன்படும், அதை அவர் தயங்காமல் வைத்திருப்பார். உங்கள் அளவுக்கு வெட்டிய லாமினேஷன் தகடுதான் வேறு யாருக்கும் உதவாது, அதனால்தான் ஆர்டர் இல்லாமல் வெட்டமாட்டார்.

அந்தத் தகட்டை மட்டும் 3,000 மோட்டாருக்கு வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயன்படாமல் போனால் அதற்கான பணத்தை நாங்கள் தருகிறோம் என்று எழுத்தில் கொடுங்கள். அதோடு, ஆர்டர் சொன்னால் நான்கு வாரத்தில் மோட்டார் தரவேண்டும் என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். இப்போது கணக்கைப் பாருங்கள்: மோட்டாருக்கு 4 வாரம், பொருத்த 1, போய்ச்சேர 1, ஆக 6. முடிவெடுக்கும் நாள் 8-வது வாரத்திலிருந்து 14-வது வாரத்துக்கு நகர்ந்துவிட்டது. சோதனை உற்பத்தி 13-ல். தெரிந்தபிறகு முடிவெடுக்கலாம்.

இதற்கு என்ன செலவு? தகட்டின் விலை விசிறிக்கு 5 என்று வைத்தால், வீணானால் போவது 15,000. அதே 3,000-ஐ முழு விசிறியாகச் செய்து மிஞ்சினால் போவது 60,000. செய்யாமல் இருந்து நான்கு வாரம் சரக்கு இல்லாமல் நின்றால் 2,800 விசிறிக்கு 84,000. காப்பீட்டுக்கு இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. சப்ளையர் முதலில் மறுப்பார். புது மாடலுக்கும் மோட்டார் அவர்தான் தருகிறார் என்றால் ஒப்புக்கொள்வார். புது மாடலில் அவருக்கு வேலை இல்லையென்றால் கவனம். அவருடைய தொழிற்சாலையில் உங்கள் வேலைக்கு இனி முன்னுரிமை இருக்காது, வாக்கு கொடுத்தாலும் தேதி நழுவும். அப்படியானால் 4 வாரம் என்றதை 6 என்று வைத்துக் கணக்கிடுங்கள். முடிவு 12-வது வாரத்துக்கு வந்துவிடும், சோதனை உற்பத்தியை இரண்டு வாரம் முன்னால் இழுக்க முடியுமா என்று பார்க்கவேண்டிவரும்.

14-வது வாரக் கூட்டத்தில் "எல்லாம் நன்றாகப் போகிறது" என்ற பேச்சை ஏற்காதீர்கள். சோதனை உற்பத்தியில் இறங்கிய விசிறிகளில் எத்தனை முதல் தடவையிலேயே தேறின, தேறாதவை எந்தக் காரணத்தால், அந்தக் காரணத்தைச் சரிசெய்ய அச்சை மறுபடி வெட்டவேண்டுமா என்று கேளுங்கள். பொருத்தும் முறையில் தவறு என்றால் சில நாளில் சரியாகும். அச்சைத் திருத்தவேண்டும் என்றால் வாரக்கணக்கில் ஆகும், உடனே தகட்டை மோட்டாராக்கச் சொல்லிவிடுங்கள். அதோடு, கடைகளுக்கு அனுப்புவதை 350-ஆகக் குறைத்திருந்தீர்களே, அதை அன்றைக்கே மறுபடி உயர்த்துங்கள். பழையதைக் கரைப்பதும் புதியது வருவதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. ஒன்று தள்ளிப்போனால் மற்றதும் தள்ளிப்போகவேண்டும். பலர் இதை மறந்துவிட்டுப் புதியதின் தேதியை மட்டும் மாற்றுவார்கள்.

இனி விற்பனைப் பிரிவு கேட்கும் அறிவிப்பு. 20 வாரம் முன்னால் அறிவிப்பதற்கு நான் கண்டிப்பாக எதிர்ப்பு. புதுசு வருகிறது என்று தெரிந்தவுடன் பழையதை வாங்க வந்தவர் காத்திருப்பார், டீலர் ஆர்டரைப் பாதியாக்குவார், நாம் மேலே போட்ட 700 என்ற எண்ணே பொய்யாகிவிடும். கணினி உலகில் இதற்கு ஒரு பெயரே உண்டு, ஆஸ்போர்ன் விளைவு என்பார்கள். 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கையில் தூக்கிச் செல்லும் கணினி நன்றாக விற்றது. அடுத்து வரவிருந்த மாடலைப் பற்றி நிறுவனத் தலைவர் முன்கூட்டியே பேசினார், டீலர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள், 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. போட்டியாளர்கள் மலிவாக வந்ததும் முக்கியக் காரணம் என்று பலர் சொல்கிறார்கள், அது நியாயமான வாதம். ஆனால் பழைய சரக்கு கையில் இருக்கும்போது புதியதைப் பற்றி வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அதற்காக டீலரிடம் கடைசி நாள் வரை மறைப்பதும் தவறு. நேற்று 200 விசிறி வாங்கியவர் இன்று புது மாடலைப் பார்த்தால் உங்களை மறுபடி நம்பமாட்டார். அனுப்புவதைக் குறைக்கத் தொடங்கும் 12-வது வாரத்துக்குப் பிறகு பெரிய டீலர்களிடம் நேரில், "இனி இரண்டு வாரத்துக்கு மேல் சரக்கு வைக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். அவர்கள் புரிந்துகொள்வார்கள். வெளியே அறிவிப்பது புது மாடல் டீலர் குடோனுக்குக் கிளம்பியபிறகு போதும்.

தள்ளுபடி வேண்டுமென்றால் 16-வது வாரத்தில் சிறிதாக ஆரம்பியுங்கள். ஒரு கடையில் பத்து வாரத்துச் சரக்கும் பக்கத்துக் கடையில் ஒன்றுமில்லாமலும் இருந்தால், தள்ளுபடிக்கு முன் சரக்கை இடம் மாற்றிப் பாருங்கள். வண்டி வாடகை பெரும்பாலும் தள்ளுபடியைவிடக் குறைவு. தள்ளுபடித் தொகையை டீலர் வாங்கும்போது கொடுக்காதீர்கள், வாடிக்கையாளருக்கு விற்று சீரியல் நம்பர் பதிவானபிறகு கொடுங்கள். வாங்கும்போது கொடுத்தால் மறுபடி அவர் குடோன்தான் நிறையும்.

கடைசி வாரங்களில் விற்பனை எண் உங்களை ஏமாற்றும் விதம் ஒன்று உண்டு. வாரம் 700 விற்றது 500-ஆகக் குறைந்தால், பழைய மாடலை மக்கள் கைவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பல சமயம் காரணம் வேறு. ஓடும் கடைகளில் சரக்கு தீர்ந்திருக்கும், ஓடாத கடைகளில்தான் இருக்கும். எத்தனை கடையில் ஒன்றாவது இருக்கிறது என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருக்கும் கடைகளில் ஒரு கடைக்கு விற்பது குறையாமல், கடைகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்தால், பிரச்சினை சரக்கு பரவாததுதான். அப்போது தள்ளுபடி கொடுத்தால் பணம்தான் வீண்.

உற்பத்தி வரிசையைப் பற்றி ஒன்று மட்டும். புது மாடலுக்கு இடம் வேண்டும் என்று பழைய மாடலின் பொருத்தும் கருவிகளையும் அச்சுகளையும் 20-வது வாரத்தில் கழற்றி ஓரமாக வையுங்கள், ஆனால் உடைக்கவோ பழைய இரும்புக்குப் போடவோ வேண்டாம். புதியதின் முதல் ஆயிரம் விசிறி வாடிக்கையாளர் வீட்டில் சில வாரம் ஓடி, திரும்பி வருபவற்றைப் பார்த்தபிறகு முடிவு செய்யலாம். புது மாடலில் பெரிய குறை தெரிந்து, விற்பனையை நிறுத்தவேண்டிய நிலை வந்தால் உங்களுக்கு இருக்கும் ஒரே வழி பழையதுதான்.

அப்புறம் அந்த 600 மோட்டார். வாரன்டி இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன். கடைசிப் பழைய விசிறி விற்கும் நாளில், வாரன்டியில் இருப்பவை கடந்த இரண்டு ஆண்டில் விற்றவை, வாரம் 700 வீதம் சுமார் 72,800. இரண்டு ஆண்டில் நூற்றுக்கு ஒன்றில் மோட்டார் மாற்றவேண்டி வருகிறது என்று உங்கள் சர்வீஸ் பதிவு சொன்னால் 728. ஆனால் இந்த விசிறிகள் சராசரியாகப் பாதி வாரன்டியை ஓட்டி முடித்தவை, ஆகவே இனி வரப்போவது சுமார் 360. மீதி 240 வாரன்டி முடிந்தபிறகு காசு கொடுத்துப் பழுது பார்ப்பவர்களுக்கு. உங்கள் பழுது விகிதம் நூற்றுக்கு இரண்டு என்றால் 600 போதாது, அந்த 3,000 ஆர்டரை இப்போதே கூட்டிப் போடுங்கள். பிறகு தனியாக 300 மோட்டார் யாரும் செய்து தரமாட்டார்கள். ஃபோர்டு மாடல் டி காரை 1927-ல் நிறுத்தினாலும் அதன் எஞ்சினை 1941 வரை செய்துகொண்டிருந்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, ஆனால் அந்த 600-ஐ மோட்டார் வந்துசேரும் அன்றைக்கே குடோன் கணக்கிலிருந்து எடுத்து, சர்வீஸ் பிரிவின் பெயரில் தனி எண்ணில் போட்டுப் பூட்டி வையுங்கள். உற்பத்திப் பிரிவின் கண்ணில் பட்டால் 19-வது வாரத்தில் அதையும் விசிறியாக்கி அனுப்பிவிடுவார்கள்.